பி.இ. நான்கு என்றால் மலிவா?

பங்குச் சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் எண் பி.இ. விகிதம். அது குறைவாக இருந்தால் பங்கு மலிவு, கூடுதலாக இருந்தால் விலை அதிகம் என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தப் பாடத்தை மட்டும் நம்பி 2022 மார்ச் இறுதியில் நிஃப்டி 50 பட்டியலைப் பார்த்திருந்தால், கண் நேராக டாடா ஸ்டீல் மேல் போய் நின்றிருக்கும். நிஃப்டியின் சராசரி பி.இ. இருபதுக்கு மேல் இருந்த நேரத்தில், அந்தப் பங்கின் பி.இ. வெறும் நான்கு. நூறாண்டு தாண்டிய நிறுவனம், டாடா குழுமத்தின் பெயர், வரலாறு காணாத லாபம். இவ்வளவும் சேர்ந்து நாலு பி.இ.க்குக் கிடைக்கிறது என்றால் வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

அடுத்த ஒரு வருடத்தில் நிஃப்டி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. டாடா ஸ்டீல் பங்கு மட்டும் சுமார் 20 சதவிகிதம் இறங்கியது. அதைவிட விசித்திரம், விலை இறங்கிய பிறகு அதன் பி.இ. நான்கிலிருந்து பதினான்கைத் தாண்டியது. விலை குறைந்த பங்கு, பி.இ. கணக்குப்படி முன்னைவிட மூன்று மடங்குக்கு மேல் விலை உயர்ந்ததாகிவிட்டது.

இது எப்படி நடந்தது என்று புரிந்துகொண்டால், பி.இ. விகிதம் என்ன சொல்கிறது, என்ன சொல்லாமல் மறைக்கிறது என்பது இரண்டும் விளங்கிவிடும்.

கணக்கு எளிது

ஒரு நிறுவனத்தின் ஆண்டு நிகர லாபத்தை அதன் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பங்குக்கு எவ்வளவு லாபம் என்பது கிடைக்கும். இதைத்தான் இ.பி.எஸ். என்கிறார்கள். பங்கின் சந்தை விலையை இந்த இ.பி.எஸ்.ஸால் வகுத்தால் வருவது பி.இ. விகிதம். பங்கின் விலை 200 ரூபாய், இ.பி.எஸ். 10 ரூபாய் என்றால் பி.இ. 20. நிறுவனம் ஒரு வருடத்தில் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சந்தை 20 ரூபாய் விலை கொடுக்கிறது என்று பொருள். இன்றைய லாபம் கூடாமல் குறையாமல் அப்படியே தொடர்ந்தால், போட்ட பணத்துக்குச் சமமான லாபத்தை நிறுவனம் ஈட்ட 20 வருடம் ஆகும் என்றும் இதைப் படிக்கலாம்.

‘இன்றைய லாபம் அப்படியே தொடர்ந்தால்’ என்ற அந்த நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது. பங்கின் விலை இன்றைக்கு உள்ளது. அதில் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வரப்போகும் காலத்தைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பு அடங்கியிருக்கிறது. ஆனால் நாம் வகுக்கும் லாபமோ கடந்த நான்கு காலாண்டுகளில் ஈட்டியது, முடிந்துபோன கதை. மேலே எதிர்காலமும் கீழே கடந்த காலமும் இருக்கும் பின்னம் இது. இரண்டும் ஒரே திசையில் போகும் வரை எண் நன்றாகவே வேலை செய்யும். லாபம் திரும்பும் இடத்தில்தான் தடம் மாறும்.

கணக்கு போடும் முன் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். எந்த லாபத்தை எடுப்பது? ஒவ்வொரு பெரிய நிறுவனமும் இரண்டு கணக்கு வெளியிடுகிறது. ஒன்று தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கு. மற்றது துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு. பங்கு வாங்குகிறவருக்குத் துணை நிறுவனங்களின் லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு உண்டு என்பதால், ஒருங்கிணைந்த கணக்கைத்தான் எடுக்க வேண்டும். தேசிய பங்குச் சந்தையே 2021 மார்ச் வரை நிஃப்டியின் பி.இ.யைத் தனிக் கணக்கின் அடிப்படையில்தான் வெளியிட்டுவந்தது. ஒருங்கிணைந்த கணக்குக்கு மாறியபோது, நாற்பதை ஒட்டியிருந்த நிஃப்டி பி.இ. ஒரேயடியாக முப்பத்து மூன்றுக்கு இறங்கியது. சந்தையில் எதுவும் மாறவில்லை, வகுக்கும் எண்தான் மாறியது.

மூன்று தேதிகள்

டாடா ஸ்டீல் 2022 ஜூலையில் தன் பங்குகளைப் பத்தாகப் பிரித்தது. 1,300 ரூபாயாக இருந்த ஒரு பங்கு 130 ரூபாய் மதிப்புள்ள பத்துப் பங்குகளாக மாறிய கணக்கு அது. குழப்பம் வராமல் இருக்க, இங்கே எல்லா எண்களையும் பிரித்த பிறகான கணக்கிலேயே தருகிறேன். ஒவ்வொரு தேதியிலும் அந்த நிதியாண்டின் ஒருங்கிணைந்த இ.பி.எஸ்.ஸை எடுத்திருக்கிறேன்.

- 2020 மார்ச் இறுதி: விலை சுமார் 27 ரூபாய், இ.பி.எஸ். சுமார் 1.20 ரூபாய், பி.இ. சுமார் 23.
- 2022 மார்ச் இறுதி: விலை சுமார் 130 ரூபாய், இ.பி.எஸ். சுமார் 33 ரூபாய், பி.இ. சுமார் 4.
- 2023 மார்ச் இறுதி: விலை சுமார் 104 ரூபாய், இ.பி.எஸ். சுமார் 7.20 ரூபாய், பி.இ. 14-க்கு மேல்.

இதை நிதானமாகப் பாருங்கள். கொரோனா பீதியில் சந்தையே சரிந்துகிடந்த 2020 மார்ச்சில், பி.இ. 23 என்று விலை அதிகமாகத் தெரிந்த பங்கை வாங்கியவரின் பணம் இரண்டே வருடத்தில் ஏறக்குறைய ஐந்து மடங்கானது. 2022 மார்ச்சில் பி.இ. நான்கு என்று மலிவாகத் தெரிந்தபோது வாங்கியவர், அந்த வருடம் கிடைத்த 5.10 ரூபாய் டிவிடெண்டைச் சேர்த்தால்கூட ஒரு வருடக் கடைசியில் நஷ்டத்தில்தான் இருந்தார். பி.இ. சொன்னதற்கு நேர் எதிராக இரண்டு முறையும் நடந்திருக்கிறது.

கதை அதோடும் நிற்கவில்லை. 2023-24 நிதியாண்டில் நிறுவனம் ஒருங்கிணைந்த கணக்கில் 4,910 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. நஷ்டத்தை வைத்து பி.இ. கணக்கிட முடியாது. ஆகவே பல இணையதளங்களில் அந்த இடம் வெறும் கோடாகத்தான் இருந்தது. அதே 2024 மார்ச் இறுதியில் பங்கின் விலையோ 155 ரூபாய்க்கு மேல், அதாவது முந்தைய ஆண்டைவிடச் சுமார் 50 சதவிகிதம் அதிகம்.

லாபம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது

2021-22ல் டாடா ஸ்டீல் ஈட்டிய நிகர லாபம் 41,749 கோடி ரூபாய். அதற்கு முந்தைய வருடம் 8,190 கோடி, அதற்கும் முந்தைய வருடம் 1,172 கோடி. தொழிற்சாலை ஐந்து மடங்கு பெரிதாகிவிடவில்லை. ஏறியது உருக்கின் விலை. கொரோனாவுக்குப் பிறகு உலகெங்கும் தேவை ஒரே நேரத்தில் எழுந்தது. சீனா தன் உருக்கு ஏற்றுமதிக்குக் கொடுத்துவந்த வரிச் சலுகையை 2021ல் விலக்கிக்கொண்டது. 2020 நடுவில் டன் 40,000 ரூபாய்க்கும் கீழே விற்ற ஹாட் ரோல்டு காயில் என்ற அடிப்படை உருக்குச் சுருள், 2022 ஏப்ரலில் 75,000 ரூபாயைத் தொட்டது.

உருக்காலையின் செலவில் பெரும்பகுதி, உருக்கின் விலை ஏறுகிறது என்பதற்காகக் கூடவே ஏறுவதில்லை. சம்பளம், பராமரிப்பு, தேய்மானம், வட்டி எல்லாம் விற்பனை விலை என்னவானாலும் கொடுத்தாக வேண்டியவை. அதனால் விலையில் வரும் சிறிய மாற்றம் லாபத்தில் பெரிதாக விழும். ஒரு கற்பனைக் கணக்கு: டன்னுக்கு விற்பனை விலை 75,000 ரூபாய், செலவு 50,000 ரூபாய் என்றால் லாபம் 25,000. செலவு அப்படியே இருக்க, விலை 58,000-க்கு இறங்கினால் லாபம் 8,000. விலை குறைந்தது 23 சதவிகிதம்தான், லாபம் குறைந்ததோ 68 சதவிகிதம். ஏறும்போதும் இதே வேகத்தில் ஏறும் என்பதால்தான் 8,190 கோடி ஒரே வருடத்தில் 41,749 கோடியானது.

2022ல் இரண்டு பக்கமும் அடி விழுந்தது. உக்ரைன் போர் தொடங்கியதும் உருக்காலைக்குத் தேவையான கோக்கிங் நிலக்கரியின் விலை உலகச் சந்தையில் எகிறியது. அந்த விலைக்கு வாங்கிய நிலக்கரி கப்பலேறி வந்து உலைக்குள் போக ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்பதால், செலவு அடுத்தடுத்த காலாண்டுகளில்தான் கணக்கில் தெரிந்தது. மே 21 அன்று மத்திய அரசு பல உருக்குப் பொருள்களுக்கு 15 சதவிகித ஏற்றுமதி வரி அறிவித்தது. அடுத்த வர்த்தக நாளில் டாடா ஸ்டீல் பங்கு ஒரே நாளில் பத்து சதவிகிதத்துக்கு மேல் சரிந்தது. வரியை நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் உள்நாட்டு விலை டன்னுக்கு 60,000 ரூபாய்க்கும் கீழே போயிருந்தது. ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறி, தேவையும் படுத்தது. 2007ல் கோரஸ் நிறுவனத்தை வாங்கியதன் மூலம் வந்த பிரிட்டன், நெதர்லாந்து ஆலைகள் சுமையாயின.

காலாண்டு முடிவுகளை வரிசையாக வைத்தால் இந்தச் சரிவு கண்முன் தெரியும். 2021-22ன் நான்கு காலாண்டுகளிலும் லாபம் 9,500 கோடிக்குக் குறையவே இல்லை. செப்டம்பர் காலாண்டில் 12,548 கோடி வரை போனது. 2022-23ன் முதல் காலாண்டில் 7,714 கோடி, இரண்டாவதில் 1,297 கோடி, மூன்றாவதில் 2,502 கோடி நஷ்டம், நான்காவதில் 1,566 கோடி லாபம். ஒவ்வொரு காலாண்டு முடிவு வந்தபோதும், கணக்கிலிருந்து ஒரு பெரிய லாபம் வெளியேறி அதன் இடத்தில் ஒரு சின்ன லாபமோ நஷ்டமோ உட்கார்ந்தது. விலை ஏறாமலேயே பி.இ. ஏறியதன் ரகசியம் இதுதான்.

தனிக் கணக்குக்கும் ஒருங்கிணைந்த கணக்குக்கும் உள்ள இடைவெளியும் அந்த வருடம் நன்றாகத் தெரிந்தது. 2022-23ல் இந்தியத் தாய் நிறுவனத்தின் தனி லாபம் சுமார் 15,500 கோடி. வெளிநாட்டு ஆலைகளையும் சேர்த்த லாபம் 8,075 கோடிதான். தனிக் கணக்கில் பி.இ. பார்த்தவருக்கு எட்டு என்று வந்திருக்கும். உண்மையோ பதினான்குக்கு மேல்.

சந்தைக்கு முன்பே தெரியுமா?

நாற்பதாயிரம் கோடி லாபம் ஈட்டும் நிறுவனத்துக்குச் சந்தை ஏன் நாலு மடங்கு விலைதான் கொடுத்தது என்ற கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். மாந்தோப்பு வாங்கப் போகிறவர், மரம் தாங்காமல் காய்த்த ஒரு வருடத்தின் விளைச்சலை மட்டும் வைத்து விலை பேச மாட்டார். ஒரு வருடம் காய்த்துக் குலுங்கினால் மறு வருடம் மரம் ஓய்ந்துவிடும் என்பது தோப்புக்காரருக்கும் தெரியும், குத்தகைக்காரருக்கும் தெரியும். அதனால் நாலைந்து வருடக் கணக்கைப் போட்டுத்தான் பேசுவார்கள். உருக்கு, சர்க்கரை, அலுமினியம், ரசாயனம், கப்பல் போக்குவரத்து போன்ற சுழற்சித் தொழில்களுக்குச் சந்தை விலை வைக்கும் விதமும் இதுதான்.

இதை எண்ணிலேயே பார்க்கலாம். 2022 மார்ச்சில் நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு சுமார் 1 லட்சத்து 59 ஆயிரம் கோடி ரூபாய். 2017-18 முதல் 2021-22 வரையிலான ஐந்து வருட நிகர லாபம் முறையே 17,763 கோடி, 9,098 கோடி, 1,172 கோடி, 8,190 கோடி, 41,749 கோடி. கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி ஏறக்குறைய 15,600 கோடி. சந்தை மதிப்பை இந்தச் சராசரியால் வகுத்தால் பி.இ. பத்து. நான்கு என்று தெரிந்த எண் ஒரே கணக்கில் பத்தாகிவிட்டது.

இதிலும் ஒரு திருத்தம் உண்டு. 2017-18ன் 17,763 கோடியில் ஏறக்குறைய பாதி, பிரிட்டன் ஊழியர்களின் பென்ஷன் திட்டத்தை மாற்றி அமைத்ததால் புத்தகத்தில் வந்த ஒருமுறை ஆதாயம். உருக்கு விற்று வந்த லாபம் அல்ல, மறுபடி வரப்போவதும் இல்லை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சராசரி 14,000 கோடிக்குக் கீழே வரும், பி.இ. பதினொன்றைத் தாண்டும். அப்படியானால் 2022 மார்ச்சில் அந்தப் பங்கின் நியாயமான பி.இ. நான்கு அல்ல, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் எங்கோ இருந்தது. அது மோசமான விலை இல்லை. ஆனால் அள்ளிக்கொள்ள வேண்டிய மலிவும் இல்லை.

குறைந்த பி.இ.யைப் பார்க்கும்போது, ‘சந்தை கவனிக்காமல் விட்டுவிட்டது’ என்று நினைப்பதுதான் பொறிக்குள் வைக்கும் முதல் கால். டாடா ஸ்டீல் போன்ற பங்கை நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் தினம் பார்க்கிறார்கள். அவர்கள் எல்லோரும் நான்கு என்ற எண்ணைக் கவனிக்கவில்லை என்பது நடக்காத காரியம். கடந்த வருட லாபம் நிலைக்காது என்று அவர்கள் சொன்ன கணிப்புதான் அந்த நான்கு. அந்தக் கணிப்பு சில சமயம் தப்பாகவும் போகும். ஆனால் அது தப்பு என்பதற்கு நம்மிடம் காரணம் இருக்க வேண்டும். குறைந்த எண் மட்டும் காரணமாகாது.

லாபம் உண்மையிலேயே வந்ததா?

டாடா ஸ்டீலின் 41,749 கோடி உண்மையான லாபம். நிலைக்காத லாபம் என்பது மட்டும்தான் அதில் உள்ள சிக்கல். இன்னொரு வகைப் பொறியில் லாபமே பொய்யாக இருக்கும்.

ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம் 2009 தொடக்கத்தில் சுமார் 179 ரூபாய் விலையில் விற்றுக்கொண்டிருந்தது. முந்தைய நிதியாண்டில் அது அறிவித்திருந்த லாபத்தை வைத்துக் கணக்கிட்டால் பி.இ. ஏழு அளவில் வரும். ஐ.டி. நிறுவனத்துக்கு அது மிகக் குறைவு. ஜனவரி 7ஆம் தேதி தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். முந்தைய செப்டம்பர் காலாண்டில் செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று அறிவித்திருந்தார்கள், உண்மையில் அது 61 கோடிதான் என்றும் அந்தக் கடிதத்திலேயே இருந்தது. அன்றே பங்கு 40 ரூபாயை ஒட்டி விழுந்தது. லாபம் பொய் என்றால் பி.இ.யும் பொய். ஏழு என்று காட்டிய எண்ணுக்குப் பின்னால் லாபமே அநேகமாக இல்லை.

இதைக் கண்டுபிடிக்க வாசகரால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆண்டறிக்கையில் லாப நஷ்டக் கணக்குக்கு அடுத்து ரொக்க ஓட்ட அறிக்கை இருக்கும். அதன் முதல் பகுதி, அன்றாடத் தொழிலிலிருந்து கைக்கு வந்த பணத்தைச் சொல்கிறது. ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டி, ஐந்து வருடம் இப்படிக் கைக்கு வந்த பணத்தோடு ஒப்பிட வேண்டும். லாபம் மட்டும் மேலே போய், பணம் பின்தங்கிக்கொண்டே வந்தால், விற்ற சரக்குக்குக் காசு வரவில்லை, அல்லது சரக்கு கிடங்கில் தேங்குகிறது, அல்லது அதைவிட மோசமான ஏதோ நடக்கிறது என்று பொருள். வங்கிகளுக்கும் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தாது. பணமே அவர்களின் சரக்கு. அங்கே வாராக்கடன் எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை இருக்கிறது. சத்யத்தில் வங்கி இருப்பையே பொய்யாகக் காட்டியிருந்ததால், ரொக்க ஓட்ட அறிக்கையும் கைகொடுத்திருக்காது. அங்கே எச்சரிக்கை வேறு இடத்திலிருந்து வந்தது. 2008 டிசம்பரில், நிறுவனத்தின் பணத்தை எடுத்து ராஜு குடும்பத்தின் மேடாஸ் நிறுவனங்களை வாங்க முயன்றார்கள். முதலீட்டாளர்கள் கொதித்ததும் ஒரே நாளில் பின்வாங்கினார்கள். அப்போதே பங்கின் விலை கடுமையாகச் சரிந்தது. ஏழு பி.இ.க்கு வந்ததில் அந்தச் சந்தேகத்துக்கும் பங்கு உண்டு. புரமோட்டர் குடும்பத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே பணம் போய்வரும் இடத்தில் பி.இ. எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகி நிற்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கடன் கணக்கில் வராது

பி.இ.யில் தெரியாத இன்னொரு விஷயம் கடன். ஒரே லாபம் ஈட்டும், ஒரே விலையில் விற்கும் இரண்டு பங்குகளின் பி.இ. ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்றுக்குக் கடனே இல்லை, மற்றதுக்கு மலையளவு கடன் என்பது அந்த எண்ணில் எங்கும் தெரியாது. லாபம் நன்றாக இருக்கும் வருடத்தில் வட்டி சுலபமாகக் கட்டிவிடலாம். லாபம் சுருங்கும்போதும் வட்டி சுருங்காது.

டாடா ஸ்டீலின் நிகரக் கடன் 2022 மார்ச்சில் சுமார் 51,000 கோடி. லாபம் விழுந்த அடுத்த வருடத்தில் அது சுமார் 67,800 கோடியாக ஏறியது. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் அதைத் தாங்க முடிந்தது. சிறிய நிறுவனமாக இருந்தால், சுழற்சி கீழே போகும் அந்த ஒன்றிரண்டு வருடத்திலேயே வங்கிகள் கதவைத் தட்டிவிடும். சுழற்சி மறுபடி மேலே வரும்போது பழைய பங்குதாரர் மிஞ்சியிருக்க மாட்டார். ஆகவே சுழற்சித் தொழிலில் பி.இ.யைப் பார்க்கும் அதே நேரத்தில், மிக மோசமான ஒரு பழைய வருடத்தின் வட்டிக்கு முந்தைய லாபத்தை எடுத்து, இன்றைய வட்டிச் செலவோடு ஒப்பிட வேண்டும். அந்த லாபத்தில் வட்டி கட்ட முடியாது என்றால், இன்றைய பி.இ. எதுவாக இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது.

எண்ணைத் திருப்பிப் படியுங்கள்

மேலே செய்ததையெல்லாம் சேர்த்தால் ஒரு வழிமுறை கிடைக்கிறது. அதற்கு மென்பொருள் தேவையில்லை, ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும்.

பி.இ. குறைவாகத் தெரியும் பங்கு ஒன்று கையில் சிக்கினால், முதலில் அந்த நிறுவனத்தின் ஐந்து முதல் பத்து வருட ஒருங்கிணைந்த நிகர லாபத்தை வரிசையாக எழுதுங்கள். அதில் ‘சிறப்பு இனங்கள்’ என்ற தலைப்பில் நிலம் விற்றது, துணை நிறுவனத்தை விற்றது, வழக்கில் வந்த தொகை போன்றவை இருந்தால் கழியுங்கள். ஒருமுறை வந்த நஷ்டம் இருந்தால் கூட்டுங்கள். ஆனால் ‘ஒருமுறை நஷ்டம்’ என்று வருடா வருடம் ஒன்று வந்துகொண்டிருந்தால், அது அந்தத் தொழிலின் வழக்கமான செலவு என்று எடுத்துக்கொண்டு கணக்கிலேயே விடுங்கள்.

அடுத்து, சராசரியைக் கண்டுபிடித்து, இன்றைய சந்தை மதிப்பை அதனால் வகுத்து சராசரி பி.இ.யை எழுதுங்கள். இன்றைய பி.இ.யும் சராசரி பி.இ.யும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், லாபம் வழக்கமான நிலையில் இருக்கிறது. இன்றைய பி.இ. சராசரியைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தால், லாபம் உச்சத்தில் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதேபோல், இன்றைய பி.இ. மிக அதிகமாகவோ கணக்கிடவே முடியாமலோ இருந்து, சராசரி பி.இ. குறைவாக இருந்தால், 2020 மார்ச்சின் டாடா ஸ்டீல் போல லாபம் அடிமட்டத்தில் இருக்கலாம். நிறுவனம் வருடா வருடம் சீராக வளர்ந்துவந்திருந்தால் சராசரி இன்றைய நிலையைக் குறைத்துக் காட்டும். தொழிலே தேய்ந்துகொண்டு வந்தால் கூட்டிக் காட்டும். செல்பேசி வந்த பிறகு லேண்ட்லைன் தொழிலுக்குப் பழைய பத்து வருடச் சராசரியைப் போட்டால் அது பயன்படாது. வரிசையாக எழுதிய லாபம் மேலும் கீழுமாக அலைகிறதா, ஒரே திசையில் இறங்குகிறதா என்று கண்ணால் பார்ப்பது அதற்குத்தான். ஒரே திசையில் இறங்கும் லாபத்துக்குச் சராசரி எடுக்கக் கூடாது, கடைசி வருடத்தையும் நம்பக் கூடாது.

கடைசியாக, எண்ணைத் திருப்பிப் படியுங்கள். இந்தத் தொழிலில் இருக்கும் நிறுவனங்களுக்குச் சாதாரண காலத்தில் சந்தை கொடுக்கும் பி.இ. என்ன? பத்து என்று வைத்துக்கொள்வோம். இன்றைய சந்தை மதிப்பைப் பத்தால் வகுத்தால் வருவதுதான், இந்த நிறுவனம் வழக்கமாக ஈட்டும் என்று சந்தை நம்பும் லாபம். 2022 மார்ச்சில் டாடா ஸ்டீலுக்கு இப்படிக் கணக்கிட்டால் 15,900 கோடி வருகிறது. அறிவித்த லாபம் 41,749 கோடி, ஐந்து வருடச் சராசரி 15,600 கோடி. சந்தை எந்த எண்ணை நம்பியது என்பது பளிச்சென்று தெரிகிறது.

அப்போது உங்கள் முன் இருக்கும் கேள்வி, ‘நாலு பி.இ. மலிவா?’ என்பதாக இருக்காது. ‘இந்த நிறுவனம் வரும் வருடங்களில் சராசரியாக 15,900 கோடியைவிட அதிகம் ஈட்டும் என்று நான் நம்ப என்ன காரணம்?’ என்பதாக மாறியிருக்கும். புதிய உலை உற்பத்திக்கு வருகிறது, நஷ்டம் தரும் ஆலையை மூடுகிறார்கள், கடன் குறைகிறது என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஒரு காரணம் இருந்தால், அந்தப் பங்கு உங்களுக்கு உண்மையிலேயே மலிவாக இருக்கலாம். காரணம் எதுவும் தோன்றவில்லை, பி.இ. குறைவு என்பது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், அதை வாங்காமல் விடுங்கள்.